சனிக்கிழமை என்ற சொல்

1

மணத்தக்காளிக் கீரை கேட்டுத்தான் அவள் வந்தாள். 2022-இல் ஆனி மாதம், சாரல் பிடித்துக்கொண்ட சமயம். தென்காசியில் எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவள். பீடி சுற்றிக் குடும்பத்தை நடத்துகிறவள். கொல்லைப்புறம் போய்க் கீரையைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்: "ஆச்சிக்கு வாயெல்லாம் வெந்துபோய்க் கிடக்கு, அண்ணாச்சி. தண்ணி முழுங்க முடியல. மூட்டு மாத்திரை சூடு போலிருக்கு."

ஆச்சி என்றது அவளுடைய மாமியாரை. அப்போது 74 வயது. இரண்டு கையிலும் விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரலை மடக்க முடியாது. முடக்குவாதம் என்று திருநெல்வேலியில் ஒரு டாக்டர் கண்டு, மருந்து எழுதிக் கொடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

"எந்த மாத்திரை? எத்தனை சாப்பிட்டாவ?" என்று கேட்டேன்.

"நீங்கதானே சொன்னிய, வாரம் மூணுன்னு. அப்படியேதான் குடுத்தேன். ஒரு வாரம், ராத்திரி மூணு மூணு. நேத்தோட முடிஞ்சுது."

நான் முப்பது வருடம் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். அவள் சொல்லி முடிப்பதற்குள் கணக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் எழுதியது மெத்தோட்ரெக்சேட் 2.5 மில்லிகிராம், வாரத்துக்கு ஒரு முறை மூன்று மாத்திரை. அதாவது ஒரு வாரத்துக்கு 7.5 மில்லிகிராம். ஆச்சி சாப்பிட்டது ஏழு ராத்திரியில் 21 மாத்திரை, 52.5 மில்லிகிராம். ஏழு வாரத்து மருந்து ஒரே வாரத்தில் உள்ளே போயிருந்தது.

ஆச்சி பிழைத்துக்கொண்டாள். பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஆனால் இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல. "வாரம் மூணு" என்று நான் சொன்ன இரண்டு சொற்களைப் பற்றியது. அவற்றுக்குப் பதிலாகப் பின்னால் நான் எழுதிய ஒரு சீட்டைப் பற்றியது.

2

முதலில் தவறு நடந்த வழியைச் சொல்லவேண்டும். ஏனென்றால், யோசித்துப் பார்த்தால் இதில் யாரும் முட்டாள்தனமாக எதையும் செய்துவிடவில்லை.

டாக்டரின் சீட்டு இங்கிலீஷில் இருந்தது. கையெழுத்து சரியில்லை என்று சொல்ல முடியாது. பெரிய எழுத்தில், தெளிவாக, வாரம் ஒரு முறை என்றுதான் இருந்தது. மருந்துக் கடைப் பையன் நாலு வாரத்துக்கு 12 மாத்திரையைச் சரியாக எண்ணி, காகித உறையில் போட்டான். நம் கடைகளில் கொடுக்கிற உறைகளைப் பார்த்திருப்பீர்கள். காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டங்கள் அச்சடித்திருக்கும். பையன் இரவுக் கட்டத்தில் 3 என்று எழுதினான். வேறு எங்கே எழுதுவான்? அந்த உறைக்குத் தெரிந்த காலம் ஒரே ஒரு நாள். வாரம் என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

உறையை வாங்கிக்கொண்டு அவள் நேரே என்னிடம்தான் வந்தாள். நான் திண்ணையில் உட்கார்ந்து ஏதோ ஒரு மொழிபெயர்ப்புக் கவிதையின் புரூஃபைத் திருத்திக்கொண்டிருந்தேன். சீட்டை வாங்கிப் பார்த்தேன். "வாரம் மூணு. ஜாக்கிரதையாக் குடு" என்று சொல்லிச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன். "புரிஞ்சுதா?" என்று கேட்டேன். "புரிஞ்சுது" என்றாள்.

வீட்டுக்குப் போன பிறகு அவள் கையில் இரண்டு செய்திகள் இருந்தன. உறையில் இரவு 3. காதில் வாரம் மூணு. இரண்டும் நம்பத் தகுந்த இடத்திலிருந்து வந்தவை. இரண்டும் உண்மையாக இருக்கவேண்டும். இரண்டையும் சேர்த்துப் பொருள் கொள்ள ஒரே வழிதான் உண்டு. ஒரு வார காலத்துக்கு, இரவுதோறும் மூன்று. காய்ச்சலுக்கு ஐந்து நாள், சளிக்கு ஒரு வாரம் என்றுதான் அவள் ஆயுளில் மாத்திரை வாங்கியிருக்கிறாள். அதனால் இதில் அவளுக்குச் சந்தேகமே எழவில்லை. நாலு ராத்திரியில் 12 மாத்திரை தீர்ந்துபோனது. ஒரு வாரத்துக்கு 21 அல்லவா வேண்டும்? கடைக்காரர்கள் குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து, காலி அட்டையைக் காட்டி இன்னும் 9 வாங்கி வந்தாள். எண்ணிக்கை தவறாமல், ஒரு வேளை தப்பாமல் கொடுத்தாள்.

என்னை இன்றுவரை தொந்தரவு செய்வது இதுதான். அவள் என் வாசகத்தைத் தவறாகப் படிக்கவில்லை. நன்றாகப் படித்தாள். நான் சொல்லாமல் விட்ட இடத்தைத் தன் அனுபவத்தால், அறிவால் நிரப்பினாள். வாசகன் இட்டு நிரப்ப இடம் விடவேண்டும் என்று நாம் இந்தப் பக்கங்களில் எத்தனை தடவை பேசியிருக்கிறோம். கவிதையின் பொருள்மயக்கம் ஒரு செல்வம் என்று நானே எழுதியிருக்கிறேன். அதை இப்போதும் மறுக்கவில்லை. ஆனால் வாசகன் கவிதையில் மட்டும்தான் இட்டு நிரப்புகிறான் என்று நினைத்திருந்தது எவ்வளவு பெரிய பேதைமை. மருந்துச் சீட்டையும் அவன் நிரப்பித்தான் படிக்கிறான். கவிதையில் வேறு அர்த்தம் கிடைத்தால் யாரும் சாவதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

3

இந்த மருந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மெத்தோட்ரெக்சேட் ஒரு போலி. ஃபோலிக் அமிலம் என்ற உயிர்ச்சத்தைப் போலவே உருவம் கொண்டது. செல் பிரியவேண்டுமானால் ஃபோலிக் அமிலம் வேண்டும். போலி போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டால் செல் பிரிவது தடைப்படுகிறது. இந்த வகை மருந்துகளின் ஆரம்பத்தில் நம் பக்கத்து மனிதர் ஒருவர் இருக்கிறார். ஆந்திராவில் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போன எல்லாப்ரகட சுப்பாராவ். 1940-களில் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் இருந்த குழுதான் ஃபோலிக் அமிலத்தையும் அதன் போலிகளையும் செய்தது. 1948-இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அப்படி ஒரு போலியைக் கொடுத்து, நோய் தற்காலிகமாகப் பின்வாங்குவதைக் கண்டார். அதன் உறவுதான் மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்கு இதைக் கொடுக்கலாம் என்று அமெரிக்க அரசு அங்கீகரித்தது 1988-இல்.

புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவோடு ஒப்பிட்டால் முடக்குவாதத்துக்குக் கொடுப்பது மிகச் சொற்பம். ஆனால் அந்தச் சொற்பத்தின் பாதுகாப்பு முழுக்க முழுக்க இடைவெளியில்தான் இருக்கிறது. ஒரு நாள் கொடுத்தால், மற்ற ஆறு நாளில் எலும்பு மஜ்ஜையும் வாயின் உள்தோலும் குடலின் உள்தோலும் தங்களைச் சரிசெய்துகொள்ளும். தினமும் கொடுத்தால் அந்த அவகாசம் கிடையாது. வேகமாகப் புதுப்பித்துக்கொள்ளும் இடங்கள்தான் முதலில் அடிபடும். அதனால்தான் முதலில் வாய் வேகிறது. அதன் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல், ரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைகின்றன. ஆச்சிக்கு 4,000-க்குக் குறையாமல் இருக்கவேண்டியது 1,000-க்கும் கீழே வந்திருந்தது.

நம் ஊரில் வாய்ப்புண் என்றால் சூடு. சூட்டுக்கு மணத்தக்காளி. இதில் விசித்திரம் என்னவென்றால், ஃபோலிக் என்ற பெயரே இலை என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கீரையிலிருந்துதான் அதை முதலில் பிரித்தெடுத்தார்கள். ஆச்சிக்குக் குறைந்துபோனது கீரையில் இருக்கிற பொருள்தான். மருமகள் தேடி வந்ததும் கீரைதான். ஆனால் அந்தக் கீரையால் பிரயோசனமில்லை. ஃபோலிக் அமிலத்தை உடம்பு உபயோகிக்கும் வடிவத்துக்கு மாற்றும் வழியைத்தான் மெத்தோட்ரெக்சேட் அடைத்துவிடுகிறது. அடைப்புக்கு அப்பால் போய் இறங்கும் ஃபோலினிக் அமிலம் என்ற வேறொன்றைத்தான் ஊசியாகப் போடவேண்டும். ஆஸ்பத்திரியில் அதைத்தான் போட்டார்கள். சூடு என்ற சொல்லை நம்பி இன்னும் நாலு நாள் காத்திருந்தால் ஊசியும் உதவியிராது. பழகிய சொல் ஒன்று கைக்கு ஆறுதலாக வந்து, கேட்கவேண்டிய கேள்வியை மறைத்துவிட்டது.

4

மூன்று மாதம் கழித்து விரல்கள் மறுபடி வீங்கின. சோற்றை உருட்டி வாயில் வைக்க முடியாமல் ஆச்சி அழுதாள். டாக்டர் ரத்தம், சிறுநீரகம், ஈரல் எல்லாம் பார்த்துவிட்டு, இந்த மருந்தையே மறுபடி தரலாம், பழைய விபத்து அளவால் வந்தது, மருந்து ஒத்துக்கொள்ளாமல் வந்ததல்ல என்றார். வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்தால் மட்டும். மகன் என்னிடம் வந்தான். "நீங்க எழுதிக் குடுங்க அண்ணாச்சி. நாங்க படிச்சுப் புரிஞ்சுக்கிற மாதிரி."

பிராயச்சித்தம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். எளிமையாக எழுதுவது என்றால் குறைத்து எழுதுவது என்று நினைத்திருந்தேன். டாக்டரின் ஒரு வரி என் கையில் பதினைந்து வரி ஆனது. எளிமை என்பது சொல்லைக் குறைப்பதில்லை, நியாயமாகத் தோன்றக்கூடிய மற்ற அர்த்தங்களை ஒவ்வொன்றாக அடைப்பது என்று எழுதும்போதுதான் தெரிந்தது.

"வாரம்" என்ற சொல்லையே முதலில் எடுத்தெறிந்தேன். வாரம் மூன்று என்றால் வாரத்தில் மூன்று நாள் ஆகலாம், ஒரு வாரம் முழுக்க மூன்று மூன்று ஆகலாம், வாரத்துக்கு ஒரு முறை மூன்றும் ஆகலாம். கிழமைக்கு இந்தக் குழப்பம் கிடையாது. பிரிட்டனில் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2020-இல் இதையேதான் சொன்னது: நோயாளியோடு பேசி ஒரு கிழமையை முடிவுசெய்து, அதன் பெயரைச் சுருக்காமல் முழுதாக எழுதவேண்டும். அங்கேயும் தினமும் சாப்பிட்டுவிடும் விபத்துகள் நின்றபாடில்லை.

எந்தக் கிழமை? டாக்டர் அதை எங்களுக்கு விட்டுவிட்டார். நான் வெள்ளி என்றேன். மருமகள் சனி என்றாள். பீடிக் கடையில் அவளுக்குக் கூலி போடுகிற நாள் சனிக்கிழமை. "அந்த நாள் மட்டும் எனக்கு மறக்காது" என்றாள். சீட்டில் நான் எழுதிய சொற்களிலேயே மிக முக்கியமான சொல் என்னுடையதல்ல, அவளுடையது.

பிறகு நிறம். முதல் பிரதியில், அடையாளத்துக்காக, "மஞ்சள் மாத்திரை 3" என்று எழுதியிருந்தேன். இந்தத் தடவை புரிந்ததா என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. கேட்கிறவனுடைய நிம்மதிக்காகக் கேட்கப்படுகிற கேள்வி அது. பதிலாக, "நான் டவுனுக்குப் போயிட்டேன்னு வச்சுக்கோ. இன்னிக்கு என்ன குடுப்பே, எடுத்துக் காட்டு" என்றேன். அன்று புதன்கிழமை. அவள் நேரே ஒரு மஞ்சள் மாத்திரையை எடுத்து நீட்டினாள். அது மெத்தோட்ரெக்சேட். அவள் எடுக்க நினைத்தது ஃபோலிக் அமிலம். பக்க விளைவைக் குறைக்க டாக்டர் சேர்த்து எழுதியது; சனி தவிர மற்ற ஆறு நாளும் காலையில் ஒன்று. கடை கொடுத்த இரண்டுமே மஞ்சள், இரண்டுமே சின்னது.

நிறத்தை அடித்துவிட்டுப் பெயரை எழுதினேன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. தினமும் சாப்பிடவேண்டிய மாத்திரையும் தினமும் சாப்பிடக் கூடாத மாத்திரையும் ஒன்றுபோல் இருந்தால், எந்த வாக்கியம் அதைக் காப்பாற்றும்? கண் தெரியாத ஒரு காலையில் அட்டை மாறினால் போதும், பழைய கதைதான். இங்கே மாற்றவேண்டியது சொல்லை அல்ல, மருந்து கொடுக்கும் முறையை என்று தோன்றியது. அதை மாற்ற எனக்கு அதிகாரம் கிடையாது. டாக்டருக்குப் போன் செய்து சொன்னேன். ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம் வாரத்தில் ஒரு நாள் கொடுத்தாலும் போதும் என்றார். செவ்வாய்க்கிழமை என்று வைத்துக்கொண்டோம். இப்போது அட்டை மாறினால்கூடச் செவ்வாயன்று ஒரே ஒரு மாத்திரை தவறிப்போகும், அவ்வளவுதான். தினசரி என்ற வாய்ப்பே அந்த வீட்டிலிருந்து போய்விட்டது. எளிய நடை சரிசெய்ய முடியாத விஷயங்கள் உண்டு. அவற்றை நடையால் மூடி மறைப்பவன், மொழிபெயர்ப்பாளன் மூலத்தின் பிழையை அழகாக்கித் தருவதைப் போன்ற காரியத்தைச் செய்கிறான்.

5

இரண்டு இடங்களில் எனக்குள் வழக்கு நடந்தது.

ஒன்று, ஒரு உண்மையை விட்டுவிட்டது. சனிக்கிழமை மறந்துபோனால் இரண்டு நாளைக்குள் கொடுக்கலாம் என்பதுதான் பொதுவான விதி. முதலில் அதையும் எழுதியிருந்தேன். மேலே, "ஞாயிறு முதல் வெள்ளிவரை கிடையாது." கீழே, "மறந்தால் ஞாயிறு, திங்கள் கொடுக்கலாம்." திரும்பப் படித்தபோது, அடைத்த கதவில் நானே ஒரு துவாரம் போட்டிருப்பது தெரிந்தது. கொடுத்தோமா இல்லையா என்ற சந்தேகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால், "கொடுக்கலாம்" என்ற சொல்தான் கண்ணில் படும். ஒரு வாரம் விட்டுப்போனால் வலி கொஞ்சம் கூடும். இரண்டு தடவை கொடுத்தால் ஆபத்து. டாக்டரைக் கேட்டுக்கொண்டு, மறந்தால் அந்த வாரம் வேண்டாம் என்று மட்டும் எழுதினேன். அவர்களுக்கு உரிமையுள்ள ஒரு தகவலை அவர்கள் நன்மைக்காக என்று சொல்லி நான் மறைத்தேனா? ஆமாம் என்றுதான் நினைக்கிறேன். மகனிடம் வாயால் அந்த விதியைச் சொன்னேன், சீட்டில் ஏன் இல்லை என்பதையும் சொன்னேன். சீட்டு பொய் சொல்லக் கூடாது. ஆனால் எல்லா உண்மைக்கும் சீட்டில் இடம் கிடையாது. எதை விட்டோம் என்று யாராவது ஒருவரிடம் சொல்லிவைத்திருந்தால் அது மறைப்பதாகாது என்று ஒரு சமாதானம் செய்துகொண்டிருக்கிறேன்.

இன்னொன்று, பயம். "உயிருக்கு ஆபத்து" என்று எழுதியிருந்தேன். மகன் அதை எடுக்கச் சொன்னான். "அம்மா எழுத்துக்கூட்டிப் படிப்பாவ. பாத்தா மாத்திரையே வேண்டாம்னுருவாவ." அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. பயந்து மருந்தை நிறுத்திய நோயாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "ஜாக்கிரதை" என்று மாற்றலாமா என்று யோசித்தேன். ஆனால் ஜாக்கிரதை என்று முன்பே ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. எதற்காக ஜாக்கிரதை என்று சொல்லாத ஜாக்கிரதை வெறும் சத்தம்.

இந்தப் பேச்செல்லாம் முன்கட்டில் நடக்க, உள்ளேயிருந்து ஆச்சி கூப்பிட்டாள். "மருந்து எனக்கா உங்களுக்கா? எங்கிட்டப் படிச்சுக் காட்டு." படித்தேன். உயிருக்கு ஆபத்து என்ற வரியையும் படித்தேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அருவாமணையில கைய வச்சா வெட்டத்தான் செய்யும். அதுக்காகக் காய் நறுக்காமலா இருக்கோம்? எந்தப் பக்கம் கூருன்னு சொல்லிட்டா சரி."

அதுவரை நான் சீட்டை யாருக்கு எழுதுகிறேன் என்று யோசிக்கவே இல்லை. நம் சீட்டுகளில் எல்லா வினையும் "உட்கொள்ளவும்," "கொடுக்கவும்." எழுவாய் கிடையாது. எழுவாய் இல்லாத வாக்கியத்தில் பொறுப்பும் யாருக்கும் கிடையாது. இரண்டு பேரையும் எழுதினேன். பெட்டி மருமகளிடம். கேட்டு வாங்கவேண்டியது ஆச்சி.

கடைசியில் எழுதியது இது:

ஆச்சியின் மூட்டு மாத்திரை — மெத்தோட்ரெக்சேட் 2.5 மி.கி.

சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்ட பிறகு 3 மாத்திரை. மூன்றையும் சேர்த்து.

ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி: இந்த மாத்திரை கிடையாது. வலி கூடினாலும் கிடையாது.

மற்ற நாளிலும் சாப்பிட்டால் உயிருக்கு ஆபத்து.

சனிக்கிழமை மறந்துபோனால் அந்த வாரம் வேண்டாம். அடுத்த சனிக்கிழமை 3 தான். 6 அல்ல.

செவ்வாய்க்கிழமை காலை: ஃபோலிக் அமிலம் 5 மி.கி. 1 மாத்திரை.

பெட்டி மருமகளிடம் இருக்கும். ஆச்சி கேட்டு வாங்கவேண்டும். கொடுத்தவுடன் மாதக் காலண்டரில் அந்தச் சனிக்கிழமையைச் சுழிக்கவேண்டும்.

வாயில் புண், காய்ச்சல், அடிபடாமல் தோலில் ரத்தக்கட்டு, மூச்சு முட்டி வறட்டு இருமல்: இதில் ஒன்று வந்தாலும் மாத்திரையை நிறுத்தி அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும். சூடு என்று காத்திருக்கக் கூடாது.

வாந்தி, பேதி இருந்தால் அந்தச் சனிக்கிழமை கொடுக்காமல் டாக்டரைக் கேட்கவேண்டும்.

ஒரு தடவைக்கு 12 மாத்திரை மட்டும் வாங்கவேண்டும். 12 மாத்திரை, 4 சனிக்கிழமை. முன்னதாகத் தீர்ந்தால் தவறு நடந்திருக்கிறது.

டாக்டர் சொன்ன தேதிகளில் ரத்தப் பரிசோதனை.

மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. பிள்ளைத்தாய்ச்சி இதைத் தொடவேண்டாம்.

எந்தக் கடையிலும் எந்த டாக்டரிடமும் முதலில் இந்தச் சீட்டைக் காட்டவேண்டும். கடைக்காரருக்கு: கோட்ரைமாக்சசோல், டிரைமெத்தோப்ரிம் கொடுக்கக் கூடாது.

பேத்தி பிரசவத்துக்கு வரப்போகிறாள் என்பதால்தான் பிள்ளைத்தாய்ச்சி வரி. கருவின் செல்லும் பிரிந்து வளர்வதுதானே. கடைசி வரியில் இருப்பது சளிக்கும் சிறுநீர்க் கோளாறுக்கும் சாதாரணமாகக் கொடுக்கிற மாத்திரைகள். அவையும் ஃபோலிக் அமிலத்தின் வழியை அடைப்பவை. இதோடு சேர்ந்தால் மஜ்ஜை தாங்காது. வீட்டாருக்கு அந்தப் பெயர்கள் விளங்கவேண்டியதில்லை. அந்த ஒரு வரிக்கு வாசகர் வேறு.

எழுதியதை டாக்டரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினோம். அடியில் கையெழுத்தும் தேதியும் போட்டார். அது இல்லாமல் இதற்கு மதிப்பில்லை. மூலத்துக்குத் திரும்பிப் போகாத மொழிபெயர்ப்பு வெறும் வதந்தி.

6

அடுத்த ஆனியில் ஆச்சி குற்றாலத்தில் மகள் வீட்டுக்குப் போனாள். ஐந்து கிலோமீட்டர்தான். சாரல் காலத்தில் அருவிச் சத்தம் கேட்டுப் படுத்திருக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. புறப்பட்ட நாள் சனிக்கிழமை. மருமகள் பகலிலேயே மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். ராத்திரி மகள், சீட்டைப் படித்து, பெட்டியைத் திறந்தாள். சீட்டில் ராத்திரி என்றுதானே இருக்கிறது. கூடவே வந்திருந்த மாதக் காலண்டரைப் பார்த்தாள்; அன்றைய தேதியைச் சுற்றி நீல மையில் ஒரு சுழி. பெட்டியை மூடிவிட்டாள்.

முதலில் அந்த வீட்டில் தினசரித் தாள் கிழிக்கிற காலண்டரில்தான் சுழித்துக்கொண்டிருந்தார்கள். கிழித்த தாளோடு சாட்சியும் குப்பைக்குப் போய்விடுகிறது என்று மாதக் காலண்டருக்கு மாற்றியது மருமகளின் யோசனை. இரண்டு வீடுகள் இருக்கும் என்பதை எழுதும்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை. என் வாக்கியத்தில் மறுபடியும் ஓர் இடைவெளி இருந்தது. இந்தத் தடவை அதை நிரப்பியதும் அவள்தான்.

பிறகு அந்த மருந்துக் கடைக்காரர் என் சீட்டைப் பிரதி எடுத்து இந்த மருந்து வாங்குகிற எல்லோருக்கும் கொடுக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வேறொருவருக்கு அளவு வேறு, மாத்திரை 2.5-க்குப் பதில் 10 மில்லிகிராமாக இருக்கலாம். மூன்று என்ற எண் அங்கே போனால் கொலை செய்யும். சனிக்கிழமையும் இந்த வீட்டுச் சனிக்கிழமை. அதற்குப் பதிலாக, உறையில் அச்சடித்த மூன்று கட்டங்களுக்கும் மேலே "கிழமை" என்று ஒரு ரப்பர் ஸ்டாம்பு குத்தச் சொன்னேன். தினசரி மருந்துக்கு அதில் ஒரு கோடு போட்டுவிடலாம். வார மருந்துக்கு யாராவது ஒருவர் நின்று, எந்தக் கிழமை என்று வாங்குகிறவரைக் கேட்டாகவேண்டும். ஸ்டாம்பு குத்துகிறார்கள். அவசரமான நாட்களில் அந்த இடம் வெறுமையாகவே போவதையும் பார்க்கிறேன்.

ஆச்சி இப்போது தானே சோறு பிசைந்து சாப்பிடுகிறாள். சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குத் தெருவில் நடந்தால் அவள் குரல் கேட்கும்: "ஏளா, இன்னிக்குக் கிழமை என்ன?" மருமகள் உள்ளேயிருந்து பதில் சொல்வாள். சில புதன்கிழமைகளிலும் அவள் அப்படிக் கேட்கிறாள். பரீட்சை வைக்கிறாளா, மறந்துவிட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. மருமகளுக்கும் தெரியவில்லை. "புதன், ஆச்சி" என்று ஒவ்வொரு தடவையும் பொறுமையாகச் சொல்கிறாள்.